‘கோல் நாட் மெட்’ என்று உண்மையை எழுதிய பிள்ளைக்கு ஏன் பூஜ்யம்? ஒரு நர்சிங் கல்லூரிக்குத் திறந்த மடல்

முதல்வர் அம்மா அவர்களுக்கும், இன்டர்னல் மார்க் கமிட்டியில் இருக்கும் ஆசிரியைகளுக்கும்,

ஒரு பேஷண்டை எப்படிக் கவனிப்பது என்று பிள்ளைகள் எழுதும் கேர் பிளானுக்கு இந்த செமஸ்டரில் இருந்து நீங்கள் கொண்டுவந்திருக்கும் மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பிள்ளைகள் என் வார்டுக்கு வருகிறார்கள். அதன் கடைசிக் கட்டத்தில், எழுதிய கோல், அதாவது இலக்கு, எல்லாம் ‘மெட்’, நிறைவேறியது என்று முடிந்திருந்தால்தான் எவால்யூவேஷனுக்கு மார்க், இல்லையென்றால் அந்த கேர் பிளான் முழுமையடையாதது என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கீழேதான் வார்டு இன்சார்ஜ் கையெழுத்து போட வேண்டிய இடம், அதாவது என் கையெழுத்து. இரண்டு பிள்ளைகளுக்கு அந்த ஷீட்டை வைத்து நீங்கள் போட்ட மார்க்கைப் பார்த்த பிறகு எனக்கு அதில் கையெழுத்து போட மனம் வரவில்லை. ஏன் என்று வாயால் சொல்லிப் பார்த்தேன், ‘கமிட்டி முடிவு சிஸ்டர்’ என்று பதில் வந்தது. அதனால் கமிட்டிக்கே எழுதுகிறேன்.

நான் உங்கள் கல்லூரி ஆள் இல்லை. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆண்கள் மெடிக்கல் வார்டைப் பார்த்துக்கொள்கிறவள். உங்கள் பிள்ளைகள் எந்த பேஷண்டைப் பற்றி எழுதுகிறார்களோ அந்த பேஷண்டை நானும் தினம் பார்க்கிறேன், சார்ட் என் மேஜையில் இருக்கிறது. ஆகவே ஃபைலில் எழுதியிருப்பதும் கட்டிலில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க எனக்கு முடியும், கல்லூரியில் உட்கார்ந்து திருத்துகிற உங்களுக்கு அது கஷ்டம். இந்த மடலில் நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு வசதியில் இருந்து வருவதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளும் எடுத்தது ஒரே பேஷண்டை. அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி, 60 வயது தாண்டியவர், முன்பே ஒரு தடவை ஹார்ட் அட்டாக் வந்தவர், இப்போது இதயம் சரியாக இறைக்காததால் உடம்பில் நீர் கோத்து மூச்சுத் திணறலோடு வந்து சேர்ந்தார். ஒருத்தியின் ஃபைலுக்கு 50க்கு 47. இன்னொருத்தியின் ஃபைலுக்கு 50க்கு 29, பக்கத்தில் சிவப்பு மையில் ‘கோல் நாட் மெட், ரீரைட்’.

47 வாங்கிய ஃபைல் பார்க்க அழகாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இதயத்தின் படம் வரைந்து கலர் அடித்து, ஏழு நர்சிங் டயக்னோசிஸ், ஒவ்வொன்றுக்கும் நர்ஸ் செய்ய வேண்டிய ஆறு இன்டர்வென்ஷன், ஏன் செய்ய வேண்டும் என்ற ரேஷனேல், கடைசிக் கட்டத்தில் ஏழு தடவை ‘கோல் மெட்’. முதல் டயக்னோசிஸ் வலி. ‘பேஷண்ட் நெஞ்சு வலி என்று சொல்கிறார், வலி அளவு 10க்கு 7’ என்று ஆரம்பித்து, ‘வலி 2 ஆகக் குறைந்தது, கோல் மெட்’ என்று முடிகிறது. அந்த மனிதர் வார்டில் இருந்த நாள் முழுவதும் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சேர்க்கும்போது எழுதிய டாக்டர் குறிப்பிலும் வலி இல்லை என்றுதான் இருக்கிறது, நர்ஸ் நோட்ஸிலும் இல்லை. சீனியர் பிள்ளைகளின் பழைய ஃபைலில் மாரடைப்பு பேஷண்டுக்கு எழுதியதை அப்படியே இறக்கியிருக்கிறாள். நான் அந்தப் பிள்ளையைத் திட்ட இதை எழுதவில்லை. உங்கள் ஷீட்டில் டயக்னோசிஸ் எண்ணிக்கைக்கும் இன்டர்வென்ஷன் எண்ணிக்கைக்கும் சேர்த்து 15 மார்க், நீட்னஸ், ஃபார்மட் 10, ரேஷனேலும் புத்தகப் பெயரும் 10, அசெஸ்மென்ட் 5, கோல் 5, எவால்யூவேஷன் 5. எதை முதலில் பார்க்க வேண்டும் என்று யோசித்து எழுதியதற்கு ஒரு மார்க்கும் இல்லை. இந்த ஷீட்டை என் கையில் கொடுத்து நாளைக்குள் எழுது என்றால் நானும் காப்பிதான் அடிப்பேன்.

29 வாங்கிய ஃபைலைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதைத்தான் நீங்கள் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

அவள் அசெஸ்மென்ட் கட்டத்தில் முதலில் எழுதியிருப்பது அந்த மனிதர் சொன்னது: ‘படுத்தா மூச்சு முட்டுது தாயி, ராத்திரி பூரா உக்காந்தேதான் கெடக்கேன்.’ அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் அவள் தானே பார்த்ததும் எண்ணியதும்: மூச்சு நிமிடத்துக்கு 30, ஆக்சிஜன் இல்லாமல் சாச்சுரேஷன் 88, நாடி 112, இரண்டு நுரையீரலின் அடியிலும் கிரெப்ஸ் சத்தம், இரண்டு காலிலும் முட்டி வரை வீக்கம், அழுத்தினால் குழி விழுகிறது, எடை 68.4 கிலோ, நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குகிறார். இந்தக் கடைசி விஷயம் எந்த மெஷினிலும் வராது, பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்தவளுக்குத்தான் தெரியும். சார்ட்டோடு நான் ஒத்துப் பார்த்தேன், நேரம் உட்பட சரியாக இருக்கிறது. உங்கள் ஷீட்டில் இதற்கு 5க்கு 3, காரணம் குடும்ப வரலாறு மரப்படம் வரையவில்லையாம்.

அசெஸ்மென்ட்டுக்கு மார்க் போடுகிறவர் பார்க்க வேண்டியது பக்கக் கணக்கை இல்லை என்று நினைக்கிறேன். மூன்றே விஷயம். பேஷண்ட் சொன்னதும் நர்ஸ் கண்டதும் தனித்தனியாக இருக்கிறதா, பின்னால் வரும் டயக்னோசிஸுக்கு ஆதாரம் இங்கே இருக்கிறதா, எழுதிய எண் இந்த பேஷண்டுடையதா. இரண்டாவது கேள்வியைக் கேட்டாலே வலி கதை உடைந்துவிடும். பக்கம் பக்கமாகத் தலை முதல் கால் வரை ‘நார்மல், நார்மல்’ என்று எழுதிவிட்டு, அந்த மனிதருக்குக் கால் வீங்கியிருப்பதை விட்டுவிட்ட ஃபைல்களும் என் கைக்கு வந்திருக்கின்றன, அவற்றுக்கும் நல்ல மார்க்தான்.

அடுத்தது முன்னுரிமை. 29 மார்க் பிள்ளை மூன்றே டயக்னோசிஸ் எழுதியிருக்கிறாள். முதலில் நுரையீரலில் நீர் சேர்ந்ததால் ஆக்சிஜன் பரிமாற்றம் குறைவு, இரண்டாவது உடம்பில் நீர் அதிகம், மூன்றாவது விழுந்துவிடும் அபாயம். ஐந்து இல்லை என்று எண்ணிக்கையில் மார்க் வெட்டியிருக்கிறீர்கள். ஆனால் அவள் ஒவ்வொன்றுக்கும் கீழே ஏன் இந்த வரிசை என்று ஒரு வரி எழுதியிருக்கிறாளே, அதை யாராவது படித்தீர்களா? சாச்சுரேஷன் 88ல் இருக்கும் ஆள் இன்னும் ஒரு மணி நேரத்தில் என்ன ஆவார் என்று சொல்ல முடியாது, அதனால் மூச்சு முதலில். நீர்தான் மூலகாரணம், ஆனால் அது இறங்க நேரம் எடுக்கும், அதனால் இரண்டாவது. விழும் அபாயத்தை ‘ரிஸ்க்’ என்பதால் எல்லாரும் கடைசியில் தள்ளுவார்கள், இல்லையென்றால் எழுதவே மாட்டார்கள். இவள் எழுதியிருப்பது, மாலை 4 மணி ஃப்ரூஸமைட் ஊசிக்குப் பிறகு (வார்டில் நாங்கள் லாசிக்ஸ் என்போம்) அவர் அடிக்கடி பாத்ரூம் போகிறார், நீர் வெளியேறும்போது பிரஷர் இறங்கி எழுந்ததும் தலை சுற்றலாம், இரவில் அவரோடு இருப்பது வயதான மனைவி மட்டும், அதனால் கட்டில் பக்கத்தில் யூரின் கேன் வைக்க வேண்டும், எழுவதற்கு முன் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும் என்று. எந்தப் புத்தகத்திலும் ‘வயதான மனைவி மட்டும்’ என்று இருக்காது.

முன்னுரிமையை மார்க் செய்வது சுலபம் என்று நினைத்து பல இடங்களில் ஒரு வரிசையை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், மூச்சு, ரத்த ஓட்டம், அப்புறம் வலி, அப்புறம் தூக்கம், கடைசியில் நோயைப் பற்றித் தெரியாமை என்று. வரிசை ஒத்துப்போனால் டிக். அது ஒரு ஆரம்பம்தான். மார்க் போட வேண்டியது அவள் எழுதிய காரணத்துக்கு. அதோடு முன்னுரிமை மாறுகிறதா என்றும் பார்க்க வேண்டும்: இரண்டாம் நாள் அந்த மனிதருக்கு மூச்சு சரியாகிவிட்டது, அப்போது நீர் முதலிடத்துக்கு வருகிறது, இவள் அன்றைய தாளில் அப்படியே மாற்றி எழுதியிருக்கிறாள். 47 வாங்கிய ஃபைலில் மூன்று நாளும் வலிதான் முதல்.

சரி, கோலுக்கு வருகிறேன். இங்கே பிள்ளைகள் செய்யும் தவறு எனக்கு மனப்பாடம். ‘மூச்சுத் திணறலைக் குறைத்தல்’, ‘ஆக்சிஜன் கொடுத்தல்’, ‘பேஷண்டை வசதியாக வைத்தல்’. இதெல்லாம் நர்ஸ் செய்யப்போவது, பேஷண்டிடம் தெரியப்போவது இல்லை. வசதியாக வைத்தீர்களா என்று எப்படி அளப்பது? அளக்க முடியாத கோலை எழுதினால் கடைசியில் எதை எழுதினாலும் சரியாகத்தான் இருக்கும், அதனால்தான் ஏழு தடவை ‘மெட்’ வருகிறது. இந்தப் பிள்ளை எழுதிய முதல் கோல்: 2 மணி நேரத்துக்குள், டாக்டர் சொன்ன ஆக்சிஜனோடு, மூச்சு 24க்குக் கீழும் சாச்சுரேஷன் 94க்கு மேலும் வரும், நிறுத்தாமல் ஒரு முழு வாக்கியம் பேசுவார். இரண்டாவது கோல்: நாளை காலை 6 மணிக்குள் எடை 68.4ல் இருந்து குறைந்தது 1 கிலோ இறங்கும். யார், எவ்வளவு, எப்போது, எதை வைத்துத் தெரியும், எல்லாம் இருக்கிறது. ஒரே நாளில் 5 கிலோ என்று எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் நானே மார்க்கைக் குறைக்கச் சொல்வேன், அவ்வளவு வேகமாக நீரை இழுத்தால் பிரஷரும் கிட்னியும் தாங்காது, பொட்டாசியமும் இறங்கும். இந்தக் கோல்களுக்கு 5க்கு 3 கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த ஃபைலின் ‘வலியைக் குறைத்தல்’ என்ற கோலுக்கு 5க்கு 5.

இப்போது அந்தச் சிவப்பு மை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

முதல் கோல் 2 மணி நேரத்தில் நிறைவேறியது. மூச்சு 22, சாச்சுரேஷன் 95, மகளிடம் போனில் நிறுத்தாமல் பேசினார் என்று எழுதியிருக்கிறாள். இரண்டாவது கோலுக்கு மறுநாள் காலை எடை 68.1. இறங்கியது 300 கிராம்தான். ‘கோல் நாட் மெட்’ என்று எழுதினாள். அதோடு நிறுத்தியிருந்தால்கூட உண்மையை எழுதினாள் என்று பாதி மார்க்காவது கொடுத்திருக்கலாம். அவள் நிறுத்தவில்லை.

முதலில் எடை எடுத்தது சரியா என்று பார்த்திருக்கிறாள். நைட் டியூட்டி சிஸ்டரிடம் கேட்டு, அதே மெஷின், சிறுநீர் கழித்த பிறகு, காப்பி குடிப்பதற்கு முன், அதே மாதிரி ஒற்றை வேட்டியோடு என்று உறுதி செய்துகொண்டாள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் மெஷின் மாறினாலே ஒரு கிலோ முன்னே பின்னே போகும், அப்படி வந்த எண்ணை வைத்து மருந்தைக் கூட்டிவிட்ட கதை எல்லா வார்டிலும் உண்டு. அடுத்து இன்டேக் அவுட்புட் சார்ட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். 24 மணி நேரத்தில் உள்ளே போனது 1,450 மில்லி, சிறுநீர் 2,100 மில்லி. வேர்வையிலும் மூச்சிலும் போகிறதைக் குறைத்து வைத்தாலும் 500 மில்லி. அப்படியானால் 1,150 மில்லி கூடுதலாக வெளியே போயிருக்க வேண்டும், ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய ஒரு கிலோ, ஆக எடை ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 300 கிராம். மிச்சம் 850 எங்கே போனது? ஊசி வேலை செய்திருக்கிறது, 2,100 மில்லி சிறுநீரே அதற்குச் சாட்சி. அப்படியென்றால் சார்ட்டில் எழுதாத ஏதோ உள்ளே போயிருக்கிறது.

அந்தப் பெரியவரிடமும் அவர் மனைவியிடமும் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டால் சரியாகத்தான் பதில் வந்திருக்கிறது, அளந்து கொடுத்த பாட்டில் தண்ணீர் மட்டும். ‘சாப்பாடு என்ன பாட்டி’ என்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது. காலையில் கஞ்சி, மதியம் மோர், மாலையில் மறுபடி கஞ்சி, ராத்திரி ரசம் ஒரு டம்ளர். அது தண்ணீர்க் கணக்கில் வராது, சாப்பாடுதானே என்று அவர்கள் சொல்லவே இல்லை, நம் ஊரில் யார்தான் கஞ்சியைத் தண்ணீர் என்று சொல்வார்கள்! வீட்டு டம்ளரை வாங்கி மெஷரிங் ஜாரில் ஊற்றிப் பார்த்தாள், 200 மில்லி பிடிக்கிறது, நாலு டம்ளர் 800 மில்லி. கணக்கு ஏறக்குறைய மட்டமாகிவிட்டது. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள கல்லிடைக்குறிச்சி அப்பளமும் மோர் மிளகாயும். உப்புப் போடாமல்தான் சமைத்துக் கொண்டுவருகிறோம் என்று மருமகள் சொல்கிறாள், பொய்யில்லை, குழம்பில் உப்பு இல்லைதான், உப்பு அப்பளத்தில் வருகிறது. உப்பு உள்ளே போனால் உடம்பு நீரைப் பிடித்து வைக்கும், தாகமும் எடுக்கும்.

இதற்குப் பிறகு அவள் மாற்றி எழுதிய பிளான் பாதிப் பக்கம்கூட இல்லை. கஞ்சி, மோர், ரசம், காப்பி எல்லாம் 1.5 லிட்டருக்குள் வர வேண்டும். அந்த டம்ளரில் எத்தனை குடித்தார் என்று மனைவி கட்டில் பக்கத்துத் தாளில் கோடு போடுவார், எழுதத் தெரியாவிட்டாலும் கோடு போடலாம். அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு வேண்டாம் என்று மருமகள் வரும் நேரம் பார்த்து அவளிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொண்டுவருவது அவள். வாய் உலர்ந்தால் தண்ணீர் குடிக்காமல் கொப்பளிக்கலாம். நாளை காலை 6 மணிக்கு எடை 67.3க்குக் கீழ். மறுநாள் வந்தது 67.1, ‘மெட்’ என்று எழுதினாள். பொட்டாசியம் ரிப்போர்ட் வந்ததா என்று கேட்டுக் குறித்தும் வைத்திருக்கிறாள்.

முதல்வர் அம்மா, இதற்குத்தான் எவால்யூவேஷனில் பூஜ்யம் விழுந்திருக்கிறது. ‘நாட் மெட்’ என்ற இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் பேனா சிவப்பாகிவிட்டது, அதற்குக் கீழே இருந்த பாதிப் பக்கம் படிக்கப்படவில்லை, அல்லது ஷீட் படிக்க விடவில்லை. என்னைக் கேட்டால் அந்த ஃபைலின் மற்ற எல்லாவற்றையும்விட அந்தப் பாதிப் பக்கம்தான் நர்சிங். டாக்டர் ரவுண்ட்ஸில் எடை இறங்கவில்லை என்று பார்த்து ஊசியை இரட்டிப்பாக்கப் போனார், இந்தப் பிள்ளை டம்ளர் கணக்கைச் சொன்னதும் நிறுத்தி, அதே டோஸில் இன்னொரு நாள் பார்ப்போம் என்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

இந்த முறையே அப்படி வகுக்கப்பட்டதுதான். 1960களில் அமெரிக்காவில் நர்சிங் ப்ராசஸை முதலில் நாலு படியாகச் சொன்னபோதே கடைசிப் படி எவால்யூவேஷன், அதில் கிடைப்பதை வைத்து மறுபடி முதல் படிக்குப் போக வேண்டும். டயக்னோசிஸைத் தனிப் படியாகச் சேர்த்தது அப்புறம்தான், 1970களில். நீங்கள் இதை எனக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் உங்கள் ஷீட்டில் எல்லாக் கட்டமும் தனித்தனியாக நிற்கிறது, ஒன்றுக்கு ஒன்று சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்கும் இடமே இல்லை. அசெஸ்மென்ட்டில் இல்லாத வலி டயக்னோசிஸில் வரலாம், கோலில் இல்லாத அளவு எவால்யூவேஷனில் வரலாம், மார்க் குறையாது.

உங்கள் தரப்பையும் யோசித்துப் பார்த்தேன். ஒரு பேட்சில் பிள்ளைகள் அதிகம், திருத்த ஆள் குறைவு, எக்ஸ்டர்னல் வருகிறவர்கள் முதலில் ஃபார்மட்டைத்தான் புரட்டுவார்கள், எண்ணிக்கை என்றால் ஆளுக்கு ஆள் மார்க் மாறாது. இதெல்லாம் நிஜம். ஆனால் ஏழு டயக்னோசிஸும் 42 இன்டர்வென்ஷனும் எழுதி வந்தால் படிக்க நேரம் எங்கிருந்து வரும்? இரண்டே டயக்னோசிஸ் கேளுங்கள், முழுதாகப் படித்துவிடலாம். ஆளுக்கு ஆள் மாறும் என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. பெயர் மறைத்த மூன்று ஃபைல்களை எல்லா ஆசிரியைகளும் தனித்தனியாக முதலில் திருத்தி, அப்புறம் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே 3 மார்க்குக்கு மேல் வித்தியாசம் வருகிறதோ அங்கே ஏன் என்று பேசினால் போதும். ஒரு மதியத்து வேலை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, பிள்ளைகள் உங்களிடம் சொல்லப் பயந்து என்னிடம் சொன்னது. அவர்கள் போஸ்டிங் காலை 7ல் இருந்து மதியம் 1 வரை. நாளைக் காலை எடை, நாலு நாளில் புண் ஆறுவது, டிஸ்சார்ஜுக்கு முன் இன்சுலின் தானே போடக் கற்றுக்கொள்வது, இதற்கெல்லாம் 1 மணிக்குள் பதில் வராது. ஆனால் அன்றைய தாளை அன்றே கொடுக்க வேண்டும், எல்லாம் ‘மெட்’ என்று முடிய வேண்டும். அதனால் 1 மணிக்கே நாளைக் காலைக்கான எவால்யூவேஷனை எழுதிவிடுகிறார்கள். நடக்காததை நடந்ததாக எழுதப் பழகிய கை, நாளை வேலைக்கு வந்து நைட் டியூட்டியில் பார்க்காத பிரஷரையும் எழுதும். நான் பயப்படுவது அதற்குத்தான், மற்றபடி மார்க் உங்கள் பாடு.

கேட்பதை நேராகக் கேட்கிறேன்.

முதலில் ‘எல்லா கோலும் மெட்’ என்ற வரியை ஷீட்டில் இருந்து எடுங்கள். அதன் இடத்தில், கோலில் சொன்ன அதே அளவை அதே நேரத்தில் பார்த்து எழுதினாளா, நிறைவேறவில்லை என்றால் காரணம் தேடினாளா, பிளானை மாற்றினாளா என்று வையுங்கள். மெட், பாதி மெட், நாட் மெட் மூன்றுக்கும் முழு மார்க் கிடைக்க வழி இருக்க வேண்டும். ‘மெட்’ என்று மட்டும் எழுதி ஆதார எண் இல்லை என்றால் மார்க் இல்லை. நேரம் இன்னும் வராத கோலுக்கு, இதுவரை இவ்வளவு, அடுத்த ஷிப்டில் யார் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதினால் அதையும் முழுமையானதாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

50 மார்க்கை மாற்றிப் பங்கு போடுங்கள். அசெஸ்மென்ட்டுக்கு 12, முன்னுரிமைக்கும் அதன் காரணத்துக்கும் 10, கோலுக்கு 10, இன்டர்வென்ஷனும் ரேஷனேலும் சேர்த்து 6, எவால்யூவேஷனுக்கு 12. இந்தக் கணக்கில் ஒன்றிரண்டு முன்னே பின்னே போனால் நான் சண்டைக்கு வர மாட்டேன், ஆனால் நீட்னஸுக்குத் தனி மார்க் வேண்டாம், படிக்க முடிந்தால் போதும். டயக்னோசிஸ் இரண்டு, அதிகபட்சம் மூன்று.

கேர் பிளானில் உள்ள ஏதாவது மூன்று விவரத்தைத் திருத்துகிறவர் வார்டில் சார்ட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்ற விதியைச் சேருங்கள். நீங்கள் வர முடியாவிட்டால் இன்சார்ஜ் பார்த்துக் குறிக்கட்டும், என் வார்டுக்கு நான் செய்கிறேன். மூன்றில் ஒன்று அந்த பேஷண்டுடையது இல்லை என்றால், மார்க் போடாமல் திருப்பி அனுப்பி, அந்தப் பிள்ளையை மறுபடி பேஷண்டிடம் உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள்.

அந்த 29 மார்க் ஃபைலை, முன்பு திருத்தியவர் தவிர்த்து வேறு இரண்டு பேரிடம் கொடுத்து மறுபடி திருத்துங்கள். ‘ரீரைட்’ என்பதை ரத்து செய்யுங்கள். அவள் இப்போது அந்தப் பாதிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு ‘கோல் மெட்’ என்று புதிதாக எழுதிக்கொண்டு இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், அந்தத் தாள் எங்களுக்கே வேண்டும். நீர் கோத்து வரும் அடுத்த பேஷண்டின் வீட்டாரிடம் எப்படிக் கேட்பது என்று என் ஸ்டாஃபுக்குக் காட்ட அதைவிட நல்லது என்னிடம் இல்லை.

அடுத்த பேட்ச் போஸ்டிங் தொடங்குவதற்கு முன் பதிலை எழுத்தில் அனுப்புங்கள். அதுவரை உங்கள் பிள்ளைகளின் வருகைப் பதிவிலும் ப்ரொசீஜர் புத்தகத்திலும் வழக்கம் போலக் கையெழுத்து போடுவேன், அதில் அவர்களுக்கு ஒரு குறையும் வராது. கேர் பிளான் மார்க் ஷீட்டில் மட்டும் அந்த வரி இருக்கும்வரை போட மாட்டேன்.

இப்படிக்கு,
ஆண்கள் மெடிக்கல் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்,
திருநெல்வேலி